கால் ஊன்றிய இடமே வேகம்: ஒரு காட்சியை அடுக்குகளாகப் பிரித்தல்

இரு பரிமாணக் காட்சியில் ஆழம் காட்ட வேண்டும் என்றால், படத்தை முன்புலம், நடுப்புலம், பின்புலம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்த வேண்டும். இது அனைவருக்கும் தெரியும். வேகங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் குழப்பம். பெரும்பாலானவர்கள் பின்புலத்துக்கு 0.2, நடுப்புலத்துக்கு 0.5, முன்புலத்துக்கு 1 என்று கைக்கு வந்த எண்களைப் போடுகிறார்கள். நகர்த்திப் பார்த்தால் ஆழம் தெரியும்தான். ஆனால் கூடவே வீடு தரைமேல் வழுக்கும், மரம் வேரோடு நடந்துபோகும், எங்கோ ஏதோ தவறு என்று கண் சொல்லிக்கொண்டே இருக்கும். பிறகு எண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் ஒரு மாலைப் பொழுது கரைந்துவிடும்.

அந்த எண்களை ஊகிக்க வேண்டியதில்லை. படத்தை வரைந்த கணமே அவை படத்துக்குள் வந்துவிடுகின்றன. அவற்றை எடுத்துப் படிக்கும் முறையைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பார்ப்போம்.

காட்சி இது. தென்காசிப் பக்கம் ஓடும் ரயிலின் ஜன்னல். மண் அணைமேல் தண்டவாளம் இருப்பதால் நம் கண் வயலைவிட மூன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே நடவுக்குத் தயாராகத் தண்ணீர் கட்டிய வயல். அதில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு மோட்டார் ரூம். அதற்கு அப்பால் ஒரு வரப்பில் வரிசையாகப் பனைகள். இன்னும் தள்ளி ஒரு தென்னந்தோப்பு, அதற்கும் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. அணைக்கு ஒட்டினாற்போல், நமக்கு மிக அருகில், ஒரு வேப்பமரம். படத்தின் அளவு 1920க்கு 1080 பிக்சல். தொடுவானக் கோடு மேலிருந்து 430ஆவது பிக்சலில்.

வேகத்தைப் படத்திலிருந்து எடுப்பது

கேமரா பக்கவாட்டில் நகரும்போது ஒரு பொருள் திரையில் எவ்வளவு இடம் மாறும் என்பது அதன் தூரத்துக்கு எதிர்விகிதம். இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பது பாதிதான் நகரும். இது பாரலாக்ஸின் அடிப்படை. இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். சமதரையில் நிற்கும் ஒரு பொருளின் அடி, தொடுவானத்துக்குக் கீழே எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் தூரத்துக்கு எதிர்விகிதம்தான். இரண்டு மடங்கு தூரத்தில் நிற்பதன் கால், தொடுவானத்திலிருந்து பாதி இறக்கத்தில் தெரியும். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைவதால், ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்லிவிடலாம். தொடுவானத்திலிருந்து கால் வரை உள்ள இறக்கமே அந்தப் பொருளின் வேகம்.

நடுப்புலத்தில் கதை நடக்கும் பொருளை அளவுகோலாக எடுத்துக்கொள்வது வசதி. நம் காட்சியில் அது மோட்டார் ரூம். அதன் முன்சுவரின் அடி 780இல் இருக்கிறது. தொடுவானம் 430. ஆக இறக்கம் 350 பிக்சல். இதன் வேகத்தை 1 என்று வைத்துக்கொள்வோம். பனை வரிசையின் அடி 535இல். இறக்கம் 105. அதை 350ஆல் வகுத்தால் 0.3. தென்னந்தோப்பின் அடி 437இல், இறக்கம் வெறும் 7, வேகம் 0.02. மலை பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இந்தக் கணக்கில் அதன் நகர்வு ஒரு பிக்சலைக்கூடத் தொடாது. அதை 0 என்றே வைக்கலாம். ரயிலில் போகும்போது மலை நம்மோடு கூடவே வருவதாகத் தோன்றுவது இதனால்தான். மலையைச் சற்றேனும் நகர்த்தினால்தான் ஆழம் வரும் என்று நினைத்து 0.1, 0.15 என்று கொடுப்பவர்கள் அதைக் குன்றாக்கி அருகே கொண்டுவந்து விடுகிறார்கள்.

வேப்பமரத்தின் கால் திரைக்குள் இல்லை. அதனால் அதை எங்கே ஊன்ற வேண்டும் என்று நாமே முடிவு செய்ய வேண்டும். படத்தின் கீழ் விளிம்புக்கும் 225 பிக்சல் கீழே, அதாவது 1305இல் அதன் அடி இருப்பதாக வைத்துக்கொண்டேன். இறக்கம் 875, வேகம் 2.5.

இதே எண்கள் உருவ அளவையும் சரிபார்க்க உதவும். மோட்டார் ரூம் அருகே நிற்கும் ஆள் 160 பிக்சல் உயரம் என்றால், பனையடியில் நிற்கும் அதே ஆள் 0.3 மடங்கு, அதாவது 48 பிக்சல்தான் இருக்க வேண்டும். நீங்கள் வரைந்தது 80 பிக்சல் என்றால் வேகத்தை எவ்வளவு திருத்தினாலும் காட்சி ஒட்டாது. படத்தைத்தான் திருத்த வேண்டும். தரையில் கால் படாத பொருள்களுக்கு, உதாரணமாகப் பறக்கும் கொக்குக்கு, இந்த உருவ அளவே வழி. மோட்டார் ரூம் தூரத்தில் ஒரு கொக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அதில் பாதி அளவில் வரைந்திருந்தால் அதன் வேகம் 0.5.

இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. தரை சமமாக இருக்க வேண்டும். மேட்டில் ஏறி நிற்கும் வீட்டுக்கும் மாடியில் நிற்கும் ஆளுக்கும் காலை வைத்துக் கணக்கிடக் கூடாது. அவற்றுக்கு நேர்கீழே சமதரையில் எந்த இடம் வரும் என்று பார்த்து அந்த இறக்கத்தை எடுக்க வேண்டும்.

எதை எதோடு சேர்ப்பது

அடுக்குகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதும் கால்கள்தான். கேமரா நடு நிலையிலிருந்து இடப்பக்கம் 200, வலப்பக்கம் 200 பிக்சல் நகரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். பனை வரிசையில் சில மரங்களின் அடி 525இலும் சில 545இலும் இருக்கின்றன. அவற்றின் உண்மையான வேகம் 0.27இலிருந்து 0.33 வரை. கேமராவின் 200க்கு இந்த வித்தியாசம் ஏறக்குறைய 11 பிக்சல். யாருக்கும் தெரியாது, ஒரே அடுக்கில் வைத்துவிடலாம். ஆனால் பனை வரிசை நமக்கு அருகே தொடங்கித் தொலைவுக்குச் சாய்வாகப் போகிறது என்றால் ஒரே அடுக்கு ஆகாது. முதல் மரத்துக்கும் கடைசி மரத்துக்கும் இடையே நூறு பிக்சலுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். அப்போது ஒவ்வொரு மரமும் தனி அடுக்கு. இருபது பிக்சலுக்குள் வித்தியாசம் இருந்தால் சேர்க்கலாம், மீறினால் பிரிக்கலாம் என்பது என் கணக்கு. இது முழு எச்டி அளவுக்குச் சொன்னது. சிறிய திரைக்கு அந்த அளவில் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப் பார்க்கும்போது முன்புலம், நடுப்புலம், பின்புலம் என்ற மூன்றும் எண்ணிக்கை அல்ல, வேலைப் பிரிவு என்பது விளங்கும். நம் காட்சியில் பின்புலத்தில் வானம், மலை, தோப்பு என்று மூன்று அடுக்குகள் இருக்கின்றன. வானமும் மலையும் ஒரே வேகம், அதாவது நின்ற நிலை. மேகம் தனியாக மிதக்க வேண்டும் என்றால் மட்டுமே அவற்றைப் பிரிக்க வேண்டும். நடுப்புலத்தில் பனை வரிசையும் மோட்டார் ரூமும். முன்புலத்தில் வேப்பமரம்.

பருமனுள்ள பொருள்களை அடுக்காக வெட்டும்போது இன்னொரு சிக்கல் வரும். மோட்டார் ரூம் நடு நிலையில் 1100இலிருந்து 1460 வரை அகலம் கொண்டது. திரையின் மையம் 960. அறை மையத்துக்கு வலப்பக்கம் இருப்பதால் அதன் இடப்பக்கச் சுவர் கொஞ்சம் தெரியும். பின்மூலையின் அடி 740இல் என்றால், சரியான கணக்குப்படி அந்தச் சுவர் 16 பிக்சல் அகலம் தெரிய வேண்டும். கேமரா இடக்கோடிக்குப் போனால் அது 39 பிக்சலாக விரியும். வலப்பக்கம் நகர்ந்து 140ஐத் தாண்டும்போது முற்றிலும் மறையும். ஒட்டிய அட்டைபோல் அறையை ஒரே துண்டாக வைத்தால் எந்நேரமும் 16 பிக்சலாகவே நிற்கும். ஒன்றுக்கும் உயிரில்லை என்று பார்ப்பவர் உணர்வது இதைத்தான். தீர்வு எளியது. பக்கச் சுவரைத் தனித் துண்டாக்குங்கள். முன் விளிம்பை வேகம் 1லும் பின் விளிம்பை 0.886லும் கட்டி, அகலத்தை மட்டும் சுருக்கி விரியுங்கள். இந்த ஒரு சுவருக்குச் செலவிடும் பத்து நிமிடம், மேலும் நான்கு அடுக்குகள் சேர்ப்பதைவிட அதிகப் பலன் தரும்.

தரைதான் உண்மையான சோதனை

தரை எந்த அடுக்கையும் சேர்ந்தது அல்ல. அது நம் காலடியில் தொடங்கித் தொடுவானம் வரை போகிறது. அதை நடுப்புலத்தில் வைத்தால் பனைகள் அதன்மேல் வழுக்கும். பின்புலத்தில் வைத்தால் மோட்டார் ரூம் வழுக்கும். பெரும்பாலான காட்சிகள் கெடுவது இங்கேதான்.

பழைய வழி, தரையை மறைவான இடங்களில் வெட்டுவது. வரப்பு, வேலி, வாய்க்கால் கரை, புதர் வரிசை போன்றவை குறுக்கே ஓடும் இடத்தில் ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்கும். முன்துண்டு சற்று மேலே எழுந்து பின்துண்டின் கீழ் விளிம்பை மூடும். கண்ணுக்கு எல்லை தெரியாது. கால்களைப் புல்லால் மறைத்துவிட்டால் வழுக்குவதும் அதிகம் தெரியாது. அவசரத்துக்கு இது போதும்.

ஆனால் சமதரைக்கு இதைவிடச் சுத்தமான வழி இருக்கிறது, அது நாம் ஏற்கெனவே கண்டுபிடித்த விதியிலிருந்தே வருகிறது. வேகம் என்பது தொடுவானத்திலிருந்து உள்ள இறக்கம் என்றால், தரையின் ஒவ்வொரு பிக்சல் வரிசையும் தன் இறக்கத்துக்கு ஏற்ற வேகத்தில் நகர வேண்டும். தொடுவானத்தில் 0, பனையடியில் 0.3, மோட்டார் ரூம் அடியில் 1, படத்தின் கீழ் விளிம்பில் 650ஐ 350ஆல் வகுக்க 1.86. ஒரே சீராகக் கூடிக்கொண்டே போகிறது. ஒரு செவ்வகத்தின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழ் விளிம்பைப் பக்கவாட்டில் இழுத்தால் என்ன ஆகுமோ அதேதான். அனிமேஷன் மென்பொருள்களில் இதற்கு ஸ்க்யூ அல்லது ஷியர் என்று பெயர். இது ஏதோ தோராயமான தந்திரம் இல்லை. கேமரா பக்கவாட்டில் மட்டும் நகரும்போது சமதரை திரையில் எப்படி மாறுமோ, ஷியர் அதைத் துல்லியமாகவே தருகிறது. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விளையாட்டில் வீரர்களின் காலடித் தரை வரிசை வரிசையாக வெவ்வேறு வேகத்தில் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் இதே விதிதான்.

கோடோ 4இல் செய்பவர்களுக்கு, தரைப் படத்தை ஒரு `Sprite2D`இல் வைத்து, அதன் `Centered` தேர்வை நீக்கிவிட்டு, மேல் விளிம்பைச் சரியாகத் தொடுவானத்தில் நிறுத்துங்கள். பிறகு இந்தச் சிறு ஷேடர் போதும்:

```
shader_type canvas_item;
uniform float cam_x = 0.0;

void vertex() {
    VERTEX.x -= cam_x * VERTEX.y / 350.0;
}
```

மேல் விளிம்பு தொடுவானத்தில் இருப்பதால் `VERTEX.y` என்பதே இறக்கம். 350 நம் அளவுகோல் பொருளின் இறக்கம். மற்ற அடுக்குகளுக்கு இவ்வளவுதான்:

```
grove.position.x = -cam_x * 0.02
palms.position.x = -cam_x * 0.30
shed.position.x  = -cam_x * 1.00
front.position.x = -cam_x * 2.50
```

மென்பொருள் எதுவானாலும் கணக்கு ஒன்றே. ஷியர் செய்யும்போது அச்சுப்புள்ளி தொடுவானத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அது படத்தின் நடுவில் இருந்தால் தரையின் மேல் பாதி எதிர்ப்பக்கம் ஓடும்.

தரை ஷியர் ஆனதும் நிழல் பற்றிய கவலையும் தீர்கிறது. மோட்டார் ரூமின் நிழல் தரையில் விழுவது. அதைத் தரை அடுக்கிலேயே வரைந்துவிடுங்கள். அறையின் அடியும் நிழலின் தொடக்கமும் எப்போதும் ஒட்டியே இருக்கும். பலர் நிழலை அறையின் அடுக்கில் சேர்த்து வரைகிறார்கள். அது முன்பக்கம் நீண்டு விழும் நிழலாக இருந்தால், நிழலின் நுனி தன்கீழ் உள்ள சேற்றின் மேல் நகர்ந்து போவது உடனே தெரியும்.

பிரதிபலிப்பு இதற்கு நேர்மாறானது. தண்ணீரில் தெரியும் பனை, தண்ணீரோடு நகராது. பனையோடு நகரும். அதன் பிம்பத்துக்கும் வேகம் 0.3தான். அதேபோல் தண்ணீரில் தெரியும் மலைக்கும் வானத்துக்கும் வேகம் 0. ஆகவே வயல் தண்ணீரை வரையும்போது பிம்பங்களைத் தரை அடுக்கில் கலந்துவிடக் கூடாது. தண்ணீர் நிற்கும் பகுதியின் வடிவத்தை மாஸ்க்காக எடுங்கள். அந்த மாஸ்க் தரையோடு சேர்ந்து ஷியர் ஆகட்டும். அதற்குள்ளே வானமும் மலையும் தலைகீழாக நிற்கட்டும், பனைப் பிம்பம் 0.3 வேகத்தில் போகட்டும். இரண்டையும் எங்கே மடிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பனையை அதன் அடியில், அதாவது 535இல் மடிக்க வேண்டும். மலையை வரப்பில் அல்ல, தொடுவானத்தில், 430இல் மடிக்க வேண்டும். மலையுச்சி 250இல் இருந்தால், தொடுவானத்துக்கு மேலே 180. தண்ணீரில் அது 430க்குக் கீழே 180, அதாவது 610இல் தெரியும். நடவு வயல் காட்சி உண்மையாகத் தோன்றுவதற்கு இந்த ஒரு விவரம் செய்யும் வேலை பெரிது. வரப்புகள் சரிந்து நகர, அவற்றுக்கு இடையே மலையின் பிம்பம் அசையாமல் நிற்கும்.

அடுக்கின் அளவும், மறைவில் இருப்பதும்

கேமரா நகரும்போது திரையின் ஓரங்களில் வெற்றிடம் தெரியாமல் இருக்க, ஒவ்வொரு அடுக்கும் திரையைவிட அகலமாக இருக்க வேண்டும். எவ்வளவு என்றால், கேமரா பயணம் பெருக்கல் வேகம். மொத்தப் பயணம் 400. ஆகவே பனை அடுக்குக்கு 120 கூடுதலாக, 2040. மோட்டார் ரூம் அடுக்குக்கு 2320. வேப்பமர அடுக்குக்கு 1000 கூடுதலாக, 2920. தரையின் கீழ் விளிம்பில் இரு பக்கமும் 371 கூடுதல் வேண்டும். மலைக்கு எதுவுமே வேண்டாம். இதை முதலிலேயே கணக்கிட்டு கேன்வாஸைத் திறப்பது நல்லது. எல்லா அடுக்கையும் 3000 பிக்சலுக்கு வரைந்து, திரையில் ஒருபோதும் வராத மலையுச்சிகளில் உழைப்பைக் கொட்டுவதும், பிறகு முன்புலம் போதாமல் இழுத்து ஒட்டுவதும் இதனால் தவிரும்.

ஒரு பொருளுக்குப் பின்னால் எவ்வளவு வரைய வேண்டும் என்பதற்கு இரண்டு அடுக்குகளின் வேக வித்தியாசத்தைப் பாருங்கள். மோட்டார் ரூம் 1, பனை 0.3, வித்தியாசம் 0.7. கேமரா நடுவிலிருந்து வலக்கோடிக்கு 200 போகும்போது, அறை பனைகளைவிட 140 பிக்சல் கூடுதலாக இடப்பக்கம் போகும். அதன் வலப்பக்கத்தில் 140 பிக்சல் புதிதாகத் திறக்கும். இடக்கோடிக்குப் போனால் இடப்பக்கம் 140. அறையின் அகலம் 360. ஆக இரு பக்கமும் 140 வரைந்தால் நடுவில் 80 பிக்சல் எப்போதும் மறைவில் இருக்கும். முழுப் படமாக ஏற்கெனவே வரைந்த ஒன்றை வெட்டிப் பிரிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் உதவும். நிரப்ப வேண்டிய இடம் எது, தொட வேண்டாத இடம் எது என்று தெளிவாகத் தெரியும். பனைகளின் கதை வேறு. அடிமரம் 12 பிக்சல்தான், திறப்பதோ 60. பின்னால் உள்ள மலை, வானம் இரண்டையும் பனையே இல்லாததுபோல் முழுதாக வரைந்தாக வேண்டும். அதனால் புதிதாக வரைபவர்கள் பின்னாலிருந்து முன்னால் வருவதே நல்லது. முதலில் வானம், பிறகு மலை, தோப்பு, தரை, பனை என்று. வரைந்து முடித்துவிட்டு வெட்டுவதைவிட இதில் வேலை குறைவு.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பனை ஓலையைக் கவனியுங்கள். மட்டைகளுக்கும் ஓலை இதழ்களுக்கும் இடையே தெரியும் வானம், ஓலையோடு சேர்ந்து வந்துவிடும். பின்னால் மலை வரும்போது ஓலைக்குள் வெளிர்நீலத் துண்டுகள் மின்னும். வெட்டிய அடுக்குக்குப் பின்னால் பளிச்சென்ற மெஜந்தா நிறத்தை நிரப்பிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய வானம் அத்தனையும் அப்போது தெரியும். விளிம்பில் மெல்லிய வெளிர்க் கோடாகத் தெரிந்தால், கிரிட்டாவில் அந்த அடுக்கின் ஆல்ஃபாவைப் பூட்டிவிட்டு ஓலையின் நிறத்தையே விளிம்பில் பூசுங்கள். ஓட்டையாகத் தெரிந்தால் அழிக்கத்தான் வேண்டும், குறுக்கு வழி இல்லை.

முன்புலத்தை எங்கே நிறுத்துவது

வேகம் 2.5 என்பது பெரிய நகர்வு. கேமராவின் 400க்கு வேப்பமரம் 1000 பிக்சல் நகர்கிறது, திரையின் பாதிக்கு மேல். நடு நிலையில் அழகாகத் தெரியும்படி மரத்தை இடது ஓரத்தில் வைத்தால், கேமரா இடக்கோடியில் இருக்கும்போது அது 500 பிக்சல் உள்ளே வந்து நிற்கும். அதனால் முன்புலத்தை நடு நிலையில் அமைக்கக் கூடாது. தொடக்க நிலையிலும் முடிவு நிலையிலும் தனித்தனியாக அமைக்க வேண்டும்.

நம் காட்சியில் கேமரா இடமிருந்து வலம் போகிறது. தொடக்கத்தில் வேப்பமரத்தின் அடிமரம் திரையில் 200இலிருந்து 350 வரை நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன். அப்படியானால் நடு நிலையில் அது 500 பிக்சல் இடப்பக்கம் தள்ளி, திரைக்கு வெளியே இருக்கும். முடிவில் வலது ஓரத்தில் ஒரு கிளுவை வேலியின் கிளைகள் 1700இலிருந்து 1920 வரை எட்டிப்பார்க்க வேண்டும். நடு நிலையில் அவை 2200இல் தொடங்கும். இடையில் முன்புலம் முழுவதும் காலியாக இருக்கும். அந்த நேரத்தில்தான் பார்ப்பவரின் கண் மோட்டார் ரூமில் தங்கும். இதை நான் நல்ல அமைப்பு என்று நினைக்கிறேன். முன்புலம் இடைவிடாமல் குறுக்கே ஓடினால் ஆழம் கூடாது, களைப்புதான் கூடும்.

நிறத்தால் பிரிப்பது இதோடு சேர்ந்தது. தொலைவு கூடக் கூட நிறம் வெளிறி நீலம் ஏறும், கருமை குறையும் என்பது ஓவியம் பயின்ற எவருக்கும் தெரியும். படத்தை ஒருமுறை கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். வேப்பமரம், மோட்டார் ரூம், பனை, மலை நான்கும் அசையாத படத்திலேயே தனித்தனியாகத் தெரிய வேண்டும். பனையும் மலையும் ஒரே சாம்பல் என்றால் நகர்வு அதைக் காப்பாற்றாது.

மெதுவான அடுக்குகளில் வரும் ஒரு தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். தென்னந்தோப்பு 0.02 வேகத்தில் மொத்தப் பயணத்துக்கு 8 பிக்சல்தான் நகர்கிறது. கேமரா எட்டு விநாடி எடுத்தால் விநாடிக்கு ஒரு பிக்சல். மென்பொருள் இடத்தை முழு பிக்சலுக்கு நெருக்கிவிடும்படி அமைத்திருந்தால், தோப்பு விநாடிக்கு ஒருமுறை சட்டென்று தாவும். அசையாத மலைக்கு முன்னால் அது மிக நன்றாகத் தெரியும். பிக்சலுக்கு நெருக்கும் தேர்வை நீக்கி, படத்துக்கு லீனியர் ஃபில்டர் கொடுத்தால் சீராகும். பிக்சல் ஆர்ட் பாணியில் அப்படிச் செய்ய முடியாது. அங்கே தோப்பை 0 ஆக்கி மலையோடு சேர்த்துவிடுங்கள்.

கேமரா உள்ளே போகும்போது

இதுவரை சொன்னது பக்கவாட்டு நகர்வு. கேமரா காட்சிக்குள் முன்னேறினால் ஒவ்வொரு அடுக்கும் வெவ்வேறு அளவில் பெரிதாக வேண்டும். லோட்டே ரைனிகர் 1926இல் முடித்த இளவரசர் அக்மத் படத்திலேயே கண்ணாடித் தளங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் படம்பிடித்திருக்கிறார். 1937இல் டிஸ்னியின் தி ஓல்ட் மில் குறும்படம் பெரிய மல்டிபிளேன் கேமராவின் முதல் பெரும் சோதனை. வால்ட் டிஸ்னி 1957இல் தொலைக்காட்சியில் இதை விளக்கியபோது நிலவைத்தான் உதாரணம் காட்டினார். ஒரே தாளில் வரைந்த இரவுக் காட்சிக்குள் கேமரா போனால் வீட்டோடு சேர்ந்து நிலவும் பெரிதாகிவிடுகிறது. உண்மையில் நிலவு அப்படியே இருக்க வேண்டும்.

நம் வேக எண்களே இதற்கும் உதவும். மோட்டார் ரூமுக்கு உள்ள தூரத்தில் எவ்வளவு பங்கு முன்னேறுகிறோம் என்பதை d என்றும், அடுக்கின் வேகத்தை r என்றும் வைத்தால்:

```
scale = 1 / (1 - d * r)
```

ஐந்தில் ஒரு பங்கு முன்னேறினால் d 0.2. மோட்டார் ரூம் 1.25 மடங்காகும். பனை 1.06. மலை அப்படியே 1. வேப்பமரம் இரண்டு மடங்கு. எல்லா அடுக்கும் ஒரே புள்ளியிலிருந்து விரிய வேண்டும். அந்தப் புள்ளி திரையின் மையத்தில், தொடுவானத்தின் மேல் இருக்கும். வேப்பமரம் இரண்டு மடங்காவதால் அதை இரட்டை அளவில் வரைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மங்கும். தரைக்கு மட்டும் இந்த வழி செல்லாது. முன்னேறும்போது தரை ஒரே சீராகப் பெரிதாவதில்லை, ஷியரும் கைகொடுக்காது. வரப்புக்கு வரப்பு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் அதனதன் r கொண்டு பெரிதாக்க வேண்டும், அல்லது தரையை மட்டும் முப்பரிமாணத் தளமாகப் படுக்க வைக்க வேண்டும். குறுகிய முன்னேற்றத்துக்கு முதல் வழி போதும். d 0.3ஐத் தாண்டினால் இரண்டாவதற்குப் போய்விடுங்கள்.

கோப்பைச் சேமிக்கும்போது ஒவ்வொரு அடுக்கின் பெயரிலும் அதன் வேகத்தை எழுதிவிடுங்கள்: `grove_002`, `palms_030`, `shed_100`, `front_250`. தொடுவானத்தின் எண்ணையும் அளவுகோல் இறக்கத்தையும் ஒரு குறிப்பு அடுக்கில், `horizon_430_ref_350` என்று. பிறகு யாராவது இந்தக் காட்சியில் ஒரு மாட்டையோ டிராக்டரையோ சேர்க்க வந்தால், அதன் கால் எங்கே படுகிறது என்று பார்த்து 430ஐக் கழித்து 350ஆல் வகுத்தால் போதும்.